கடைப் பக்கத்தில் பகிடி: கிளிநொச்சிப் பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் கேட்டவை

கிளிநொச்சியிலும் பரந்தனிலும் சில கடைகளின் பேஸ்புக் பக்கங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓர் அரிசி ஆலை, ஒரு பேக்கரி, ஒரு ஹார்ட்வெயார், ஒரு மின்சாமான் கடை, இன்னும் இரண்டொன்று. பகிடிப் பதிவு பற்றி முதலாளிமாரும், பக்கத்துக்குப் பொறுப்பாக நிற்கும் பெடியளும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணை, படமும் விலையும் போட்டா காணாதா? பகிடி என்னத்துக்கு?

ஹார்ட்வெயார் கடைக்கு அநேகமாகக் காணும். சீமெந்து தேடுகிறவருக்கு இன்றைய விலையும், லொறி வீட்டு வாசல் வரை வருமா என்பதும் தெரிந்தால் போதும். அரிசி, பணிஸ், தேயிலை போன்ற சாமான்களின் கதை வேறு. ஐந்து கடையிலும் ஒரே சாமான், ஏறக்குறைய ஒரே விலை. அங்கே சனத்துக்குக் கடையின் பெயர் நினைவில் நிற்கத்தான் பகிடி உதவுகிறது. ஐந்து பதிவு போட்டால் ஒன்று பகிடியாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள், விலை கேட்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள்.

சில பதிவுகளில் பகிடியே வேண்டாம். விலை கூட்டிய அறிவித்தல், பழுதான சாமானுக்கான பதில், தவணைக் காசு நினைவூட்டல் ஆகிய மூன்றும் அப்படி. தவணையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நுண்கடன் கட்ட முடியாமல் இந்தப் பக்கத்துப் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மின்விசிறி வாங்கிய அக்காவுக்கு “தவணை உங்களைத் தேடுது” என்று சிரிப்புப் படத்தோடு நினைவூட்டினால், அவருக்கு அது வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரின் குரலாகத்தான் கேட்கும்.

எந்த மாதிரிப் பகிடி போட்டா பிரச்சினை வராது?

பகிடியில் யார் அடி வாங்குகிறார் என்று முதலில் பாருங்கள். கடையோ முதலாளியோ சாமானோ அடி வாங்கினால் அநேகமாகப் பயமில்லை. எல்லோருக்கும் பொதுவான வெயிலும், செம்புழுதியும், ஏ9 வீதியை மறித்துப் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடும்கூடப் பரவாயில்லை. வாங்க வருகிற ஆள் அடி வாங்கினால் நிறுத்தி யோசிக்க வேண்டும். பதிவைப் பார்க்காத மூன்றாம் ஆள் ஒருவர் அடி வாங்கினால் போடவே வேண்டாம்.

அரிசி ஆலைக்குப் போட்ட ஒன்றைச் சொல்கிறேன். படத்தில் ஒரு சுளகு மட்டும். கீழே: “கல் பொறுக்கும் சாட்டில் முற்றத்தில் இருந்து ஊர்க்கதை கதைப்பவர்களுக்கு: மன்னிக்கவும், எங்கள் அரிசியில் கல் இல்லை. வேறு சாட்டுத் தேடவும்.” முதலில் ‘அம்மாமாருக்கு’ என்றுதான் எழுதியிருந்தேன். ஆலை முதலாளியின் மனைவி பார்த்துவிட்டு, “ஏன், ஆம்பிளையள் மதகில இருந்து கதைக்கிறேல்லையோ?” என்று கேட்டார். ஒரு சொல்லை மாற்றினேன், பகிடி இன்னும் நன்றாக வந்தது. இதில் சாமானின் குணமும் பகிடிக்குள்ளேயே இருக்கிறது. கல் இல்லை என்ற செய்தியை எடுத்துவிட்டால் சிரிக்கவும் ஒன்றும் மிஞ்சாது. அப்படிச் சேர்ந்திருக்கிற பகிடிதான் கடைக்கு உழைக்கும். வேறொரு பக்கத்தில் கண்டு எடுத்து ஒட்டிய மீமுக்குச் சிரித்தவர்களிடம் அடுத்த நாள் கேட்டுப் பாருங்கள், எந்தக் கடை போட்டது என்று சொல்லத் தெரியாது.

‘காணவில்லை’ நோட்டீஸ் மாதிரி ஒரு போஸ்ட் செய்து வைச்சிருக்கிறன். கொழும்பில, இந்தியாவில எல்லாரும் போடுறாங்கள்தானே, நாங்கள் போட்டா என்ன?

நானும் அதைப் போட்டவன்தான். மின்சாமான் கடையில் மூன்று நாளுக்குப் பழைய விலைக்கே மின்விசிறி கொடுக்க முதலாளி தீர்மானித்தார். நான் கறுப்பு வெள்ளையில் ஒரு நோட்டீஸ் செய்தேன். “காணவில்லை. பெயர்: பழைய விலை. வயது: 2 வருடம். அணிந்திருந்தது: மஞ்சள் ஸ்டிக்கர். கடைசியாகக் கண்ட இடம்: எங்கள் கடை வாசல்.” காலையில் போட்டேன். மதியம் வரை சிரிப்புக் குறிகள் வந்துகொண்டே இருந்தன, எனக்கும் புளுகம். பின்னேரம் ஓர் அம்மா கீழே எழுதினார்: “தம்பி, நானும் இப்படி ஒரு நோட்டீஸ் அடிச்சனான்.” அவ்வளவுதான். திட்டவில்லை, வேறொரு சொல்லும் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கியது இதே கிளிநொச்சியில்தான். பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார் வீதியோரம் இருந்ததை நான் ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் கடந்து போயிருக்கிறேன். பெயர், வயது, உடுத்திருந்த உடுப்பு, கடைசியாகக் கண்ட இடம் என்ற அந்த வரிசையை எத்தனையோ வீடுகளில் படிவம் படிவமாக நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். என் பதிவில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை, யாரையும் கேலி செய்யவும் இல்லை. பிழை வடிவத்தில் இருந்தது. பகிடியைச் சோதிக்கும்போது நாம் சொற்களைத்தான் பார்ப்போம். எந்தக் கடதாசியின் உருவத்தை இரவல் வாங்கியிருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. ‘மரண அறிவித்தல்: பழைய விலை காலமானது’, ‘31ஆம் நாள் நினைவு’ எல்லாம் இந்த வகைதான்.

பதிவை எடுத்த பிறகு அதையே திருத்தப் பார்த்தேன். “பழைய விலை திரும்பி வந்துவிட்டது!” என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் இது இன்னும் மோசம், திரும்பி வராதவருக்காகக் காத்திருக்கிற வீட்டில் இதை எப்படி வாசிப்பார்கள்? விலையை ஓர் ஆளாக்கிப் போகவும் வரவும் விடுகிற எண்ணத்தையே கைவிட்டேன். பகிடியின் அடியை முதலாளி பக்கம் திருப்பினேன்: “முதலாளி கண்ணாடி போடாமல் விலை எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி கிடைத்துவிடும். அதற்குள் வாருங்கள்.” மூன்று நாள்தான் என்ற செய்தி அதற்குள்ளேயே வந்துவிட்டது. முதலாளிக்கும் பிடித்துப்போய்த் தன் கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பினார்.

அப்ப தொடக் கூடாத சொல்லுகளை ஒரு பட்டியலாத் தாங்கோவன்.

பட்டியல் கேட்காத முதலாளி இல்லை. சில சொற்களைச் சொல்லலாம்: பங்கர், செல், முகாம், நிவாரணம், இடப்பெயர்வு. ‘கடை இடம் மாறிவிட்டது’ என்பதற்கு “நாங்களும் இடம்பெயர்ந்துவிட்டோம்!” என்று எழுதி மூட்டை முடிச்சுப் படம் போட ஒரு கடையில் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். பட்டியலை நம்பினால் அதில் இல்லாதது தப்பிவிடும். தறப்பாள் என்ற சொல்லை எடுங்கள். ஹார்ட்வெயார் கடையில் அது வெறும் சாமான், நெல் மூட, லொறி மூட வாங்குகிறார்கள். விலை போட்டு விற்கலாம், ஒரு குறையும் இல்லை. “தறப்பாளுக்குள் ஒரு ஜாலி வாழ்க்கை” என்று ஒரு குடும்பப் படத்தைப் போட்டீர்களானால் அது மாத்தளன் ஆகிவிடும், மனிக் பாம் ஆகிவிடும். ஒரே சொல்தான், பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் மாறுகிறது.

நான் செய்வது இதுதான். போடுவதற்கு முன் இரண்டு பேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒருவர் 2009இல் விவரம் தெரிந்த வயதில் இங்கே இருந்தவராக இருக்க வேண்டும். மற்றவர் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். “இதைப் பார்த்தவுடன் என்ன ஞாபகம் வருது?” என்று கேளுங்கள். பதில் வர நேரம் எடுத்தால், அல்லது “பரவாயில்லை, போடுங்கோ” என்று வந்தால், நான் போடுவதில்லை. பக்கத்தைச் செய்கிற பெடியனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அவன் அந்த நாள்களை மடியில் இருந்து கடந்தவன், சில ஞாபகங்கள் அவனிடம் இல்லாதது அவன் பிழையில்லை.

சனமே பங்கர்ப் பகிடி விடுது. என்ர அம்மாவே விடுவா. கடை விட்டா மட்டும் பிழையா?

ஓம், பிழைதான். என் பெரியப்பாவும் விடுவார்: பங்கருக்குள் பாம்பு இருந்தது, வெளியில் செல் விழுந்தது, இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தீர்மானிக்க முடியவில்லை என்று. நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, யார் முன்னால் எப்போது சொல்வது என்பதும் அவர் கையில்தான். பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் இருந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

கடைப் பதிவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. யார் முன்னால், எந்த நேரத்தில் போய் விழும் என்று நமக்குத் தெரியாது. பிறகு, முடிவில் ஒரு விலை நிற்கிறது. பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லி யாருக்கும் மின்விசிறி விற்றதில்லை.

எந்தெந்த நாளில பகிடி போடாமல் விடுறது?

மே 18, நவம்பர் 27 இரண்டும் யாரும் சொல்லாமலே தெரியும். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் வாடிக்கையாளர் இருந்தால் டிசம்பர் 26ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், 2004 சுனாமி அந்தக் கரையை விட்டுவைக்கவில்லை. சிக்கல் அந்த நாள்களில் அல்ல, அவற்றுக்கு முன்னால் நேரம் குறித்து வைத்த பதிவுகளில்தான். மே முதலாம் வாரம் உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் நேரம் குறித்துவிட்டு மறந்துவிடுவார்கள். 18ஆம் திகதி காலை, சனம் கஞ்சிக்கு நிற்கிற நேரத்தில், பக்கம் தானாகவே பல்லைக் காட்டும். நான் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி Meta Business Suite-இல் Planner-ஐத் திறந்து, வருகிற மாதத்து நாள்களை ஒருமுறை கண்ணால் பார்ப்பேன். பத்து நிமிட வேலை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் வரும், அதுவும் மே 18உம் சில வருடங்களில் கிட்டக் கிட்ட விழும். பொங்கல் பதிவைத் தாராளமாகப் போடுங்கள், அதைத் துள்ளலாகப் போட வேண்டுமா என்று மட்டும் திகதியைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இன்னொன்று பலருக்குப் படுவதில்லை. ‘பிளாக் ஃபிரைடே’ மலிவு விற்பனை இப்போது இங்கேயும் வந்துவிட்டது. அது வருடந்தோறும் நவம்பர் 23க்கும் 29க்கும் இடையில்தான் விழும், மாவீரர் வாரம் 21இலிருந்து 27 வரை. 2026இல் இரண்டும் ஒரே நாள், 27ஆம் திகதி வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து ஏஜென்ட் அனுப்பும் ஆயத்தப் படங்களை அப்படியே ஏற்றுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடைகளில் அந்த மலிவை டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

திகதி இல்லாத நாள்களும் உண்டு. ஹார்ட்வெயார் கடைக்கு “மழைக்கு முன்னம் கூரையைப் பாருங்கோ என்று சொன்னது நாங்கள். ‘பார்ப்பம்’ என்று சொன்னது நீங்கள்” என்று ஒரு பதிவு உண்டு. செப்டெம்பரில் அது நல்ல பகிடி, சனம் தங்கள் மனிசிமாரையும் மச்சான்மாரையும் கீழே இழுத்துவிடுவார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது இதே வரி வந்திருந்தால் ‘நாங்கள் அப்பவே சொன்னோம்’ என்று ஏசுவது போல இருந்திருக்கும். ஆகவே மழைப் பகிடிக்கு நேரம் குறித்து வைப்பதே இல்லை, அன்றன்றைக்கு வானத்தைப் பார்த்துக் கையால்தான் போடுவது.

பழைய போஸ்ட்டுகளை ஏன் தேடி அழிக்கச் சொல்லுறீங்கள்? அப்ப எல்லாரும் சிரிச்சவைதானே.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பேக்கரி ஒன்று “எங்கள் பணிஸுக்குக் கியூ.ஆர். தேவையில்லை!” என்று போட்டது. அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். எரிபொருள் கியூ.ஆர். முறையை 2023 செப்டெம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கியூ.ஆர். என்றால் கடை மேசையில் ஒட்டியிருக்கிற, கைத்தொலைபேசியால் காசு கட்டுகிற அட்டை என்றாகிவிட்டது. புதிதாக வந்த ஒருவர் அந்தப் பழைய பதிவின் கீழே, “அப்ப காசாத்தான் கட்ட வேணுமா?” என்று கேட்டிருந்தார். பகிடி செத்துப் பிழையான தகவலாக எழும்பி நிற்கிறது. அதோடு, வரிசையில் நின்றே உயிர் போனவர்களும் அந்த வருடம் இருந்தார்கள். அது நடந்த பிறகு அதே பதிவைத் திரும்பப் பகிர்ந்த பக்கங்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கெட்டுப்போகிற வேகம் பகிடி எதில் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது. புதுப் படத்தின் வசனத்தில் நின்றால் இரண்டு மூன்று மாதம். அரசியல்வாதி ஒருவரின் பேச்சில் நின்றால் அடுத்த தேர்தல் வரை, அதுவும் பாதி வாடிக்கையாளரோடுதான். சுளகும் புழுதியும் முதலாளியின் கண்ணாடியும் அவ்வளவு கெதியாகப் பழசாகாது. குறுகிய ஆயுள் பகிடி போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், 24 மணித்தியாலத்தில் தானே போய்விடும். பக்கத்தில் நிரந்தரமாகக் கிடக்க விடாதீர்கள். பேஸ்புக் ‘நினைவுகள்’ என்று அதை வருடா வருடம் தோண்டி எடுத்து உங்கள் கையில் தரும், கடையில் நிற்கிற பெடியன் யோசிக்காமல் பகிர்ந்துவிடுவான்.

புருசன் மனிசிப் பகிடி, குண்டு ஒல்லிப் பகிடிக்குத்தானே நிறைய லைக் வருது?

வருகிறது. ஆனாலும் நான் செய்து கொடுப்பதில்லை. உடம்பைப் பற்றியது எதுவும் வேண்டாம், காயத்தோடு வாழ்கிற ஆள்கள் இல்லாத தெரு இங்கே இல்லை. நொண்டி, குருடு போன்ற சொற்கள் பழமொழிக்குள் ஒளிந்து வந்தாலும் எடுத்துவிடுங்கள்.

“புருசனின் பாங்க் காட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்” வகைக்கு வேறொரு காரணமும் உண்டு. தனியாக உழைத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகிற பெண்கள் வன்னியில் ஏராளம். தையல் மெஷினும் கோழிக்கூட்டு வலையும் கிரைண்டரும் தன் காசில் வாங்குவது அவர்தான். உங்களது நல்ல வாடிக்கையாளரைப் பார்த்து, உமக்கு இல்லாத ஒருவரிடம் காசு வாங்கி வாரும் என்று சொல்கிற பகிடி அது.

ஒருத்தர் கமெண்டில ‘இது பகிடியா?’ எண்டு கேட்டிட்டார். அழிக்கிறதா, விடுறதா?

கமெண்டை அழிக்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். மேலே சொன்ன ‘காணவில்லை’ பதிவில் நான் முதலில் செய்த முட்டாள்தனம் அந்த அம்மாவின் கமெண்டை மறைத்ததுதான். மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அரை மணித்தியாலத்தில் ஒருவர் ஸ்கிரீன்ஷொட்டோடு கேட்டார். அதுவரை ஒரு பிழை, அதற்குப் பிறகு இரண்டு.

வாசித்துவிட்டு அவர் சொல்வது சரியா என்று முதலில் யோசியுங்கள். சுவை பிடிக்கவில்லை என்றால் (“பணிஸுக்கெல்லாம் பகிடியா?”) பணிவாக ஒரு வரி பதில் எழுதிவிட்டு விட்டுவிடலாம். நோகப்பட்டிருந்தால் பதிவை முழுதாக எடுங்கள். வசனத்தை மட்டும் மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், View edit history-இல் பழைய வசனம் அப்படியே கிடக்கும். காசு கட்டி பூஸ்ட் செய்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

பிறகு மன்னிப்பு. நாங்கள் போட்டது மூன்று வரி: “காலையில் போட்ட ‘காணவில்லை’ பதிவை எடுத்துவிட்டோம். பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் வாழும் ஊரில் அந்த நோட்டீஸை விற்பனைக்குப் பயன்படுத்தியது எங்கள் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.” ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று எழுத வேண்டாம். புண்பட்டது தெரிந்துதானே எழுதுகிறோம்? அந்த மன்னிப்பில் கடையின் இலச்சினையும் இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை. இரண்டு நாளுக்கு வேறு எதுவும் போடவில்லை, கண்ணாடிப் பகிடியை அதற்குப் பிறகு அடுத்த வெள்ளிக்கிழமைதான் போட்டோம். முதலாளி அந்த அம்மாவை விசாரித்துக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிரிப்பு ரியாக்‌ஷன் நிறைய வந்தா அந்தப் பகிடி சரியெண்டுதானே அர்த்தம்?

‘காணவில்லை’க்கு வந்த அளவு சிரிப்புக் குறி அந்தப் பக்கத்துக்கு அதற்கு முன்போ பின்போ வந்ததில்லை. நொந்தவர்கள் பெரும்பாலும் குறி போடுவதே இல்லை, பேசாமல் தாண்டிப் போய்விடுவார்கள், அல்லது பக்கத்தைப் பின்தொடர்வதை விட்டுவிடுவார்கள். சிலர் கடையைப் பார்த்தே சிரிப்பார்கள், அதற்கும் அதே மஞ்சள் முகம்தான்.

நான் பார்ப்பது உள்பெட்டியை. பகிடி போட்ட இரண்டு நாளில் எத்தனை பேர் சாமானைப் பற்றிக் கேட்டார்கள், கடைக்கு வந்தவர்கள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டு வந்தார்களா என்று. சுளகுப் பதிவு போட்டு ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு கிழவர் ஆலைக்கு வந்து ஐந்து கிலோ பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கல் இல்லையெண்டா மனிசி வேற என்னத்தைச் சாட்டுவாளோ தெரியாது” என்றாராம். முதலாளி உடனே எனக்கு வாய்ஸ் போட்டார். இந்த முறை ‘மனிசி’யை அப்படியே விட்டுவிட்டோம், அது அவருடைய பகிடி.